முதல் கட்டில்: கைத்தூய்மை வகுப்பெடுக்கும் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புப் பணியைக் கவனிக்கும் செவிலியர்களுக்கு,



மே 5ஆம் தேதி உலகக் கைத்தூய்மை நாள். 2009 முதல் உலக சுகாதார நிறுவனம் இதை நடத்திவருகிறது. அந்த வாரம் முழுக்க உங்களுக்கு வகுப்புகள் இருக்கும். டாக்டர்களுக்கு ஒன்று, செவிலியர்களுக்கு ஒன்று, துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒன்று என்று ஒரே பவர்பாயிண்டைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவீர்கள்.

அந்தப் பவர்பாயிண்ட் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். முதலில் தலைப்பு. அடுத்து கைத்தூய்மைக்கு ஒரு வரையறை. பிறகு ஐந்து தருணங்கள், கைகழுவும் படிகள், சோப்பு எப்போது, ஹேண்ட் ரப் எப்போது என்ற அட்டவணை. நம் மருத்துவமனையில் கடைப்பிடிப்பு எத்தனை சதவீதம் என்று ஒரு பார் சார்ட். கடைசியில் பூங்கொத்துப் படத்தோடு நன்றி. இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் எதிரே இருப்பவர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். ஐந்து தருணங்களைக் கேட்டால் பாதிப் பேர் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். வார்டுக்குப் போனதும் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் அதே கையோடு நகர்வார்கள்.

இப்படிப்பட்ட உரைகளைத் தயாரிப்பவர்களோடு உட்கார்ந்து ஸ்லைடுகளைத் திருத்துவது என் வேலை. "கதை சேர்த்தால் நினைவில் நிற்கும்" என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது உண்மைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சிப் ஹீத் தன் வகுப்பில் மாணவர்களை ஒரு நிமிட உரை ஆற்றச் சொல்வார். சிறிது நேரம் கழித்து, கேட்ட உரைகளில் நினைவிருப்பதை எழுதச் சொல்வார். 63 சதவீதம் பேருக்குக் கதைகள் நினைவிருந்தன. ஏதாவது ஒரு புள்ளிவிவரம் நினைவிருந்தவர்கள் 5 சதவீதம் பேர்தான். தம்பி டேன் ஹீத்தோடு சேர்ந்து 2007இல் எழுதிய நூலில் அவர் இதைச் சொல்கிறார். வகுப்பறைப் பயிற்சிதான், கறாரான ஆய்வு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் மேடையேறிப் பழகிய எவருக்கும் இது வியப்பாக இருக்காது.

சிக்கல், கதை என்று எதைச் சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, "இந்தக் குழந்தை தொற்றால் இறந்தது, நாம் கை கழுவியிருந்தால் பிழைத்திருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், அத்தோடு சரி. அங்கே நிலைமை இருக்கிறது, விளைவு இருக்கிறது, நடுவில் நடந்த போராட்டம் இல்லை. ஒரு கருத்தை மனதில் தங்கவைப்பது அந்த நடுப்பகுதிதான். அதைச் சொல்லிக்காட்ட உங்கள் துறையின் மூத்த கதையையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏற்கெனவே ஒற்றை ஸ்லைடில், மீசை வைத்த ஒருவர் படத்தோடு காட்டிவிட்டு நகரும் கதை அது.

வியன்னா பொது மருத்துவமனை. 1840களில் அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் அவர்களிடம் பயில்பவர்களும் பார்த்தார்கள். வரும் பெண்களை முறை வைத்து இரண்டு பிரிவுகளிலும் சேர்த்தார்கள். ஒரு பெண் எந்தப் பக்கம் போவாள் என்பதை அவள் வந்து சேர்ந்த நாளும் நேரமும் தீர்மானித்தன. 1846இல் முதல் பிரிவில் நடந்த 4,010 பிரசவங்களில் 459 பெண்கள் இறந்தார்கள். அதாவது 11.4 சதவீதம். இரண்டாம் பிரிவில் 3,754க்கு 105, அதாவது 2.8 சதவீதம். ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

நிலைமை இவ்வளவுதான், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இக்னாஸ் செம்மல்வைஸ் 1818இல் புடா நகரில் பிறந்தார், தந்தை மளிகை வணிகர், முதலில் சட்டம் படிக்க வந்தார் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் இங்கே வேண்டியதில்லை. நிலைமையைச் சொல்லும்போது ஒரே ஒரு சோதனை வையுங்கள்: கேட்டவர் மனதில் "ஏன்?" என்ற கேள்வி எழுகிறதா? ஒரே மருத்துவமனை, ஒரே ஊர்ப் பெண்கள், நான்கு மடங்கு வித்தியாசம். இந்த இடத்தில் ஸ்லைடில் 11.4, 2.8 என்ற இரண்டு எண்கள் மட்டும் இருக்கட்டும். பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன காரணமாக இருக்கும்?" என்று கேளுங்கள். "கைதான் சிஸ்டர்" என்று யாராவது உடனே சொல்வார்கள், தலைப்பே அதுதானே. அப்போது, "1846இல் கிருமி என்ற பேச்சே கிடையாது. அதை மறந்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கூட்டம், காற்று, பயம், முரட்டுத்தனம் என்று பதில்கள் வரத் தொடங்கும். வரும் பதில்கள் ஏறக்குறைய அன்றைக்கு வியன்னா டாக்டர்கள் சொன்னவைதான்.

இப்போதுதான் போராட்டம் தொடங்குகிறது. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. மொத்தம் ஆறு நிமிடம் என்றால் மூன்றரை நிமிடம் இதற்கே கொடுங்கள்.

நெரிசல்தான் காரணம் என்றார்கள். ஆனால் முதல் பிரிவுக்குப் பயந்து பெண்கள் இரண்டாம் பிரிவையே நாடியதால் அங்குதான் நெரிசல் அதிகம். அந்த விளக்கம் விழுந்தது. காற்றில், வானிலையில் ஏதோ கெட்டது பரவுகிறது என்றார்கள். ஒரே கூரையின் கீழே ஒரு பக்கத்தை மட்டும் தாக்கும் காற்று எது? அதைவிட, மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்று, பிறகு முதல் பிரிவில் வந்து படுத்த பெண்கள் அதே காற்றைச் சுவாசித்தும் பெரும்பாலும் தப்பினார்கள். அதுவும் விழுந்தது. பாதிரியார் மணியடித்துக்கொண்டு வருவதால் வரும் பயம் என்றார்கள். இறக்கும் தறுவாயில் இருக்கும் பெண்ணுக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் முதல் பிரிவில் ஐந்து அறைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது, உதவியாள் முன்னால் மணியை ஆட்டிக்கொண்டே போவான். இரண்டாம் பிரிவில் அவர் நேராக நோயாளியின் அறைக்கே போய்விடலாம். செம்மல்வைஸ் பாதிரியாரிடம் பேசி, மணியில்லாமல் சுற்றுவழியில் வரச் செய்தார். இறப்பு குறையவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிரசவம் பார்க்கிறார்கள், நாமும் அப்படிச் செய்வோம் என்று மாற்றிப் பார்த்தார். அப்போதும் குறையவில்லை.

1847 மார்ச் மாதம் அவர் வெனிஸுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, நண்பரும் சட்டமருத்துவப் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ச்கா இறந்துபோயிருந்தார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடலைத் திறந்து பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்பைப் படித்தபோது, பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் பார்த்த அதே சேதங்கள் அதில் இருப்பதைச் செம்மல்வைஸ் கவனித்தார். கொலெட்ச்காவுக்குள் பிணத்தின் துகளைக் கொண்டுபோனது கத்தி. அப்படியானால் அந்தப் பெண்களுக்குள் கொண்டுபோனது எது? காலையில் பிணவறையில் பயின்றுவிட்டு அப்படியே பிரசவ வார்டுக்கு வந்தவர்கள் டாக்டர்களும் மாணவர்களும்தான். மருத்துவச்சிகள் பிணவறைக்குப் போவதில்லை. சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் அந்த விரல்களில் பிண நாற்றம் தங்கியிருந்ததும் அவருக்குத் தெரியும்.

விழுந்துபோன விளக்கங்களை எதற்கு இத்தனை நேரம் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் ஏறக்குறைய அதே விளக்கங்களைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். "நம்ம வார்டுல கூட்டம் ஜாஸ்தி", "ஏசி சரியில்ல", "பேஷண்டே மோசமான நிலையிலதான் வர்றாங்க". இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நேராகப் போய் "அதெல்லாம் காரணமில்லை, உங்கள் கைதான் காரணம்" என்றால் அவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். வியன்னாவில் ஒவ்வொரு விளக்கமும் தானாக விழுவதைப் பார்க்கும்போது, தங்கள் விளக்கத்தையும் சத்தமில்லாமல் கீழே வைக்க அவர்களுக்கு வழி கிடைக்கிறது. போராட்டம் என்றால் கஷ்டப்பட்ட கதை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் நம்பிய காரணம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப்போவதுதான் போராட்டம்.

அடுத்தது விளைவு. 1847 மே மாத நடுவில், வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். பிறகு செலவைக் குறைக்க குளோரினேற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பயன்படுத்தினார்கள். ஏப்ரலில் இறப்பு 18.3 சதவீதம், மே மாதத்தில் 12.2, ஜூனில் 2.2, ஜூலையில் 1.2.

இந்த இடத்தில் உங்கள் கை தானாகவே 18.3க்கும் 1.2க்கும் போகும். இணையத்தில் கிடைக்கும் எல்லா ஸ்லைடுகளும் அந்த இரண்டு எண்களைத்தான் காட்டுகின்றன. நானாக இருந்தால் போடமாட்டேன். அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இறப்பு 2 முதல் 4 சதவீதத்துக்குள்தான் இருந்தது. ஏப்ரல் திடீரென உயர்ந்த மாதம். மிக மோசமான மாதத்தை ஒரு முனையிலும் மிக நல்ல மாதத்தை மறு முனையிலும் வைத்தால் எந்த மருந்தும் அற்புதமாகத்தான் தெரியும். கூட்டத்தில் புள்ளியியல் தெரிந்த ஒரு பி.ஜி. மாணவர் மட்டும் இருந்தால் போதும், மொத்தக் கதையும் கவிழ்ந்துவிடும். நேர்மையான ஒப்பீடு ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பது. 1846இல் 11.4 சதவீதம். முழு ஆண்டும் குளோரின் நடைமுறையில் இருந்த 1848இல் 3,556 பிரசவங்களுக்கு 45 இறப்பு, 1.27 சதவீதம். அதே ஆண்டில் மருத்துவச்சிகளின் பிரிவில் 1.33. நான்கு மடங்கு இடைவெளி மறைந்தே போனது. நிலைமையில் எழுப்பிய கேள்விக்கு நேரான பதில் இதுதான், 18.3 என்ற எண் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. விளைவாக எந்த எண்ணைக் காட்டுவது என்று குழம்பினால், முதல் ஸ்லைடில் எந்த எண்ணால் கேள்வி கேட்டீர்களோ அதே எண்ணின் புதிய மதிப்பைக் காட்டுங்கள்.

பெரும்பாலானோர் இங்கே முடித்துவிடுவார்கள். உங்கள் வகுப்புக்கு உண்மையில் தேவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது, அதை யாரும் சொல்வதில்லை.

1847 அக்டோபரில், கருப்பையில் புற்றுநோய் முற்றிச் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அந்த வார்டில் சேர்த்தார்கள். ரவுண்ட்ஸ் எப்போதும் தொடங்கும் முதல் கட்டில் அவருக்குக் கிடைத்தது. டாக்டர்களும் மாணவர்களும் விதிப்படி குளோரினில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வந்தார்கள். முதல் கட்டிலில் அந்தப் பெண்ணைப் பரிசோதித்தார்கள். அடுத்த கட்டிலுக்குப் போகும்முன் சோப்பு போட்டு மட்டும் கழுவிக்கொண்டார்கள். குளோரின் பிண நாற்றத்துக்குத்தானே, பிணவறையிலிருந்து வரும்போதுதானே என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்போது அங்கே பிரசவித்த 12 பெண்களில் 11 பேர் இறந்தார்கள்.

செம்மல்வைஸின் கொள்கையே அங்கே மாறியது. நஞ்சு பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்தும் வரும். அதனால் வார்டுக்குள் நுழையும்போது கழுவினால் போதாது, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவிலும் கழுவியாக வேண்டும். ஐந்து தருணங்களில் முதலாவதும் நான்காவதும் இதைத்தான் சொல்கின்றன: நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின். பட்டியலாகக் காட்டினால் ஐந்தும் ஒரே எடையில் நிற்கும். முதல் கட்டிலின் கதையைச் சொல்லிவிட்டுக் காட்டினால், அந்த இரண்டும் ஏன் இருக்கின்றன என்பது தனியாக விளக்காமலே புரியும்.

ஆகவே உங்கள் ஸ்லைடில் 12 கட்டில்களைக் கட்டங்களாக வரையுங்கள். சுவரோரமாக ஒரே வரிசை போதும். படமோ அனிமேஷனோ வேண்டாம். பதினொன்றைக் கறுப்பாக்குங்கள். அதற்குப் பிறகு ஒரே கேள்வி: "நம் வார்டில் ரவுண்ட்ஸ் எந்தக் கட்டிலில் தொடங்குகிறது?" பதில் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கட்டிலில் இன்று யார் படுத்திருக்கிறார் என்பதும் தெரியும். கருத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஐந்து தருணங்கள் ஸ்லைடு இதற்கு அடுத்ததாக வரட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறேன். எந்தக் கதையும் நீங்கள் அனுப்பாத செய்தி ஒன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். இதைக் கேட்டு, "அப்ப சோப்பு வேஸ்ட்டா சிஸ்டர்?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காமல் மனதில் வைத்துக்கொள்பவர்கள் இன்னும் அதிகம். கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் போன்றவற்றின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, அங்கும் சோப்பும் தண்ணீரும்தான். மற்ற நேரங்களில் கட்டிலருகே இருக்கும் ஹேண்ட் ரப். இதை நீங்களே முந்திக்கொண்டு இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

கதையை எங்கே வெட்டுவது என்பதும் கதை சொல்வதில் பாதி வேலை. செம்மல்வைஸ் 1865இல் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, இரண்டே வாரங்களில் ரத்தத்தில் நச்சேறி இறந்தார். வயது 47. உருக்கமான முடிவு, அதனால்தான் எல்லோரும் அதில் போய் முடிக்கிறார்கள். அங்கே முடித்தால் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப்போவது, மேதைகளை உலகம் புரிந்துகொள்வதில்லை என்ற எண்ணத்தைத்தான். உங்கள் வகுப்பு மேதைகளைப் பற்றியதல்ல. முதல் கட்டிலோடு வெட்டிவிடுங்கள். "உலகிலேயே முதன்முதலில் கண்டுபிடித்தவர்" என்ற பட்டமும் வேண்டாம். டாக்டர்களும் செவிலியர்களும் பிரசவக் காய்ச்சலைக் கொண்டு செல்கிறார்கள் என்று அபர்டீனில் அலெக்சாண்டர் கார்டன் 1795லேயே எழுதியிருக்கிறார். பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் எழுதினார்.

ஆனால் அவர் வாழ்க்கையிலிருந்து நம் தொழிலுக்கு வேண்டிய ஒரு செய்தி உண்டு. இவ்வளவு அருமையான கதையைக் கையில் வைத்திருந்தும் அவர் நேரத்துக்குச் சொல்லவில்லை. 1847 டிசம்பரில் அதை முதலில் அச்சில் எழுதியவர் அவர் நண்பர் ஹெப்ரா. செம்மல்வைஸ் வியன்னா மருத்துவச் சங்கத்தில் பேசியது 1850 மே மாதம். தன் புத்தகத்தை வெளியிட்டது 1861இல், 14 ஆண்டுகள் கழித்து. அதிலும் தன் போராட்டத்தைச் சொல்லும் முன்பகுதி இன்றைக்கும் விறுவிறுப்பாக இருக்கிறது. பின்பகுதி அட்டவணைகளும் எதிரிகளோடு சண்டையும். நிரூபணம் இருந்தால் போதும், எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று இன்றும் நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

"170 வருஷத்துக்கு முந்திய கதை, நமக்கு ஒத்துவருமா" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஜெனீவாவைச் சொல்லுங்கள். சுருக்கமாகப் போதும். அங்கே பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டேவின் குழு 1994 டிசம்பரில் ஊழியர்களின் கைத்தூய்மையை நேரில் இருந்து எண்ணிப் பார்த்தது. செய்ய வேண்டிய நேரங்களில் 48 சதவீதம்தான் செய்தார்கள். இது நிலைமை. அசட்டை, சோம்பல், பயிற்சிக் குறைவு என்பது எல்லோர் வாயிலும் வரும் விளக்கம். ஆனால் எண்ணிப் பார்த்தால், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியர் ஒரு மணி நேரம் நோயாளியைக் கவனிக்கும்போது சுமார் 20 தடவை கை சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சிங்க் வரை நடந்து, கழுவி, துடைத்து வரத் தடவைக்கு ஒரு நிமிடம் என்றாலே மணிக்கு 20 நிமிடம் கழுவுவதிலேயே போய்விடும். சுறுசுறுப்பானவராலும் அது முடியாது. சோம்பல் என்ற விளக்கம் அங்கே விழுந்தது. ஆகவே சிங்க் வரை நடக்கத் தேவையில்லாதபடி ஆல்கஹால் ஹேண்ட் ரப்பைக் கட்டிலருகே கொண்டுவந்தார்கள். ஊழியர்களே சேர்ந்து உருவாக்கிய சுவரொட்டிகளைச் சுவரெங்கும் ஒட்டினார்கள். 1997 டிசம்பரில் கடைப்பிடிப்பு 66 சதவீதமானது. மருத்துவமனைத் தொற்று இருந்தவர்களின் விகிதம் 1994இல் 16.9 சதவீதமாக இருந்தது, 1998இல் 9.9 ஆனது. 2000இல் லான்செட் இதழில் இது வெளியானது.

இந்தக் கதையின் விளைவில் சங்கடமான ஒரு துண்டும் இருக்கிறது. செவிலியர்களும் உதவியாளர்களும் முன்னேறினார்கள், டாக்டர்கள் அப்படியே பின்தங்கி நின்றார்கள். அதை மறைக்காதீர்கள். அரைகுறை வெற்றியைச் சொல்லும் கதையை ஜனங்கள் அதிகம் நம்புகிறார்கள். டாக்டர்களுக்கான வகுப்பில் அதைச் சொல்ல ஒரு செவிலியருக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும். நீங்கள் சொல்லத் தேவையில்லை, லான்செட் சொல்கிறது என்று ஸ்லைடில் போட்டுவிடுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே மருத்துவமனையில் முன்னும் பின்னும் பார்த்த ஆய்வு இது, ஒப்பிட வேறொரு மருத்துவமனை கிடையாது. அதனால் குறைந்த தொற்று முழுவதையும் ஹேண்ட் ரப் கணக்கில் எழுதிவிட முடியாது.

வியன்னாவும் ஜெனீவாவும் வழிகாட்டத்தான். உங்கள் மருத்துவமனையிலேயே நடந்த ஒன்றுக்கு ஈடு அவற்றில் எதுவும் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று கற்பனையாக ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

ஒரு ஐசியு. கதீட்டர் வைத்த நோயாளிகளுக்குச் சிறுநீர்த் தொற்று ஒரு காலாண்டில் கூடிவிட்டது. உங்கள் மாத அறிக்கையில் இது, "தொற்று அதிகரித்தது. பயிற்சி அளிக்கப்பட்டது. தொற்று குறைந்தது" என்று மூன்று வாக்கியமாக இருக்கும். நடுவில் நடந்ததை நினைவுபடுத்துங்கள். முதலில் யார்மீது, எதன்மீது சந்தேகம் வந்தது? புதிதாக வந்த கதீட்டர் கம்பெனியின் மீது என்று வைப்போம். ஸ்டோரில் பார்த்தால் பழைய கம்பெனியின் கதீட்டர் வைத்த நோயாளிகளுக்கும் அதே தொற்று இருக்கிறது. பிறகு நைட் டியூட்டிமீது சந்தேகம். கதீட்டர் போட்ட நேரங்களை எடுத்துப் பார்த்தால் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு இல்லை. கடைசியில் நீங்கள் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறீர்கள். யூரின் பேக்கைக் காலி செய்ய ஒரே ஜக் கட்டிலுக்குக் கட்டில் போகிறது. கிளவுஸ் மாற்றாமல், அந்த ஜக்கைப் பிடித்த கையே அடுத்த பேக்கின் குழாயைத் திறக்கிறது. கிளவுஸ் போட்டிருப்பதால் கை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் மனதார நம்பியிருந்தார்கள். உங்கள் முதல் கட்டில் இதுதான்.

விளைவை எழுதும்போது கவனம் வேண்டும். ஆளுக்கொரு ஜக், நோயாளிக்கு நோயாளி புது கிளவுஸ், நடுவில் ஹேண்ட் ரப் என்று மாற்றிய பிறகு தொற்று 5இலிருந்து 2 ஆனது என்றால், அது தற்செயலாகவும் இருக்கலாம். இவ்வளவு சிறிய எண்களில் ஏற்றமும் இறக்கமும் சகஜம். 1,000 கதீட்டர் நாட்களுக்கு எத்தனை என்ற வீதத்தைக் கொடுங்கள், முன்னால் ஆறு மாதம், பின்னால் ஆறு மாதம் காட்டுங்கள். அதற்கு முன்பே பேச வேண்டியிருந்தால், "மாற்றியிருக்கிறோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். விளைவு இன்னும் வராத கதையும் சொல்லத் தகுந்ததே; போராட்டம் முழுதாக இருந்தால் கேட்பவர்கள் அடுத்த மாதம் தாங்களே வந்து விசாரிப்பார்கள்.

பெயர், கட்டில் எண், தேதி, ஷிப்ட் எதுவும் வெளியே தெரியக் கூடாது. நோயாளியுடையது மட்டுமல்ல, ஊழியருடையதும்தான். வார்டு பொறுப்புச் சிஸ்டரிடம் முதலில் காட்டி அவர் சம்மதத்தோடு சொல்லுங்கள். ஜக்கை எடுத்துப் போனது யார் என்று கூட்டம் யோசிக்கத் தொடங்கிவிட்டால் அது வகுப்பாக இருக்காது, விசாரணையாகிவிடும். அப்படி நடக்கிறதா என்பதை ஒரே அறிகுறியில் கண்டுபிடிக்கலாம்: பின்வரிசையில் இருப்பவர்கள் திரையைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில், அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், வார்டில் ஒரே ஜக்தான் இருந்தது என்ற உண்மையைச் சொல்லுங்கள்.

கதை வேலை செய்ததா என்று வகுப்பு முடிந்ததும் கேட்காதீர்கள். கைதட்டல் எதையும் காட்டாது. ஒரு வாரம் கழித்து வராந்தாவில் எதிர்ப்படும் மூன்று பேரிடம், "அன்னைக்கு வகுப்புல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். "பாதிரியார் மணி" என்று சொல்லிச் சிரித்தால் உங்கள் கதை அவர்களை மகிழ்வித்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை மணியைச் சுருக்கி, முதல் கட்டிலுக்கு நேரம் கூட்டுங்கள். "ஒரு பேஷண்ட்டுக்கும் அடுத்த பேஷண்ட்டுக்கும் நடுவுல" என்று வந்தால் கதை வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகும் வார்டில் போய் எண்ணிப் பாருங்கள். நினைவில் நிற்பது ஒன்று, செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஹேண்ட் ரப் புட்டி காலியாக இருந்தால் எந்தக் கதையும் உதவாது.

இந்த மே மாதத்துக்கான ஸ்லைடுகளைத் தொடங்கும்முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த ஆண்டின் தொற்றுப் பதிவேட்டைத் திறந்து, காரணம் என்று முதலில் நினைத்தது பிறகு தவறாகிப்போன ஒரு நிகழ்வைத் தேடுங்கள். அதை நிலைமை மூன்று வரி, போராட்டம் பத்து வரி, விளைவு இரண்டு வரி என்று கையால் எழுதுங்கள். பவர்பாயிண்டை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.